புதுப்பிப்பு: மகளின் முதல் காதல் முறிவும் எனக்குப் பலித்த யோசனையும்

"படிவம் 4 படிக்கும் மகள் காதல் முறிந்து சாப்பிடாமல் அழுகிறாள், நான் என்ன பேசுவது?" என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பதில் எழுதியவர்களில் ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை ஒருவர் சொன்னதே பலித்தது. எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்காமல், சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் காரில், 'இந்த வயதில் இதெல்லாம் சகஜம்' என்று சொல்லாமல், அவள் முணுமுணுத்ததையே "எல்லார் முன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டானா அம்மா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். செம்பனை மரங்கள் முடியும் இடத்தில்தான் வாய் திறந்தாள். பிரிவைவிட, ஒரே பள்ளிப் பேருந்தில் தினமும் அவனைப் பார்ப்பதே அவளை வாட்டியது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

கைப்பேசியைப் பறிக்கச் சொன்ன அண்ணன் பாதி சரி: பறிக்கவில்லை, இரவில் மட்டும் அவளே தருகிறாள், தூங்குகிறாள். தன் மகனின் தேர்வுத் தோல்வியை எழுதிய அக்காவுக்கு: என் மகளுக்கு மதிப்பெண் சிக்கலல்ல. இப்போது சாப்பிடுகிறாள், பேருந்துக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.