34,000 பவுண் கைவேலை வானா, 46,000 பவுண் கம்பனி வானா?

ஹரோவாசி: எனக்கு 64, மனைவிக்கு 61. வருகிற மார்ச்சில் வேலையை விடுகிறேன். ஆறு மீட்டர் டுகாட்டோ கேம்பர்வான் வாங்கி நாடு சுற்ற எண்ணம். இரண்டு வான் பார்த்தோம். ஒன்று 2015 பதிவு, சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே உள்வேலை செய்தது, 34,000. மற்றது 2018 பதிவு, கம்பனி செய்தது, 46,000. பார்க்க அழகு முதலாவதுதான்: ஓக் பலகை, ஓடு பதித்த அடுப்படி. 12,000 கூடக் கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது? லைசென்ஸ் 1999இல் எடுத்தேன். இருவருக்கும் மின்சைக்கிள் உண்டு, அதையும் கொண்டுபோக வேண்டும்.

ரொறன்ரோ ராசன்: ஏன் ஆறு மீட்டரோடு நிற்கிறீர்கள்? பெரிதாக எடுங்கள். இங்கே ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸிலேயே 11,000 கிலோ வரை ஓட்டலாம். நான் எடையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

வடலி: ராசன் அண்ணை, ஹரோ லண்டனில் இருக்கிறது. ஆனாலும் இங்கேயும் எடை பெரிய விஷயம் இல்லை. 70 வயது வரை ஏழரை டன் ஓட்டலாம், என் லைசென்ஸின் பின்பக்கம் பாருங்கள், சி1 என்று இருக்கிறது. வாகனத்தைப் பார்த்து வாங்குங்கள், கிலோக் கணக்கு வேண்டாம்.

பழைய ஸ்பானர்: வடலி, உங்கள் லைசென்ஸுக்கு அது சரி. 1997 ஜனவரி 1க்கு முன்பு கார் சோதனை பாஸ் பண்ணியவர்களுக்குத்தான் சி1 சும்மா கிடைத்தது. ஹரோவாசி 1999. அவருக்கு 3,500 கிலோதான் எல்லை, அதற்கு மேல் தனியாகச் சோதனை எழுத வேண்டும். உங்களுக்கும் 70இல் டாக்டர் பாரம் நிரப்பிக் கொடுத்தால்தான் சி1 நீடிக்கும்.

ஹரோவாசி, நான் பதினோரு வருடம் இப்படியான வான்களுக்கு உள்வேலை செய்யும் பட்டறையில் நின்றவன். அழகு என்கிறீர்களே, அந்த அழகுக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். கம்பனிக்காரர் போடுவது பொப்லார் மர உள்ளடக்கம் கொண்ட 15 மில்லிமீட்டர் பிளைவுட், சதுர மீட்டருக்கு ஏழு கிலோ போல வரும். வீட்டு வேலைக் கடையில் வாங்கும் 18 மில்லிமீட்டர் எம்டிஎப் பதின்மூன்று கிலோ. ஒரு வானின் அலமாரி, கட்டில், தடுப்பு எல்லாம் சேர்ந்து இருபது சதுர மீட்டர் என்று வைத்தால், 120 கிலோ வித்தியாசம். உங்கள் மனைவியும் இரண்டு சைக்கிளும் அதற்குள் அடங்கிவிடும். ஓடும் ஓக்கும் அதற்கு மேல்.

வடலி: அதெல்லாம் பேப்பர்க் கணக்கு. பொலிஸ் ஒவ்வொரு வானையும் நிறுத்தியா நிறுக்கிறது? நான் இருபது வருடத்தில் ஒருமுறைகூட மாட்டவில்லை.

பழைய ஸ்பானர்: மாட்டினால் அபராதம் 100இலிருந்து 300 பவுண், மிக அதிகமென்றால் கோர்ட். ஆனால் நான் பயப்படுவது அதற்கு இல்லை, பின் ரயருக்கு. என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் ஏறினேன். மொத்தம் 3,470. அப்பாடா என்று இருந்தது. பிறகு ஆக்சில் ஆக்சிலாக நிறுத்தேன்: முன்னே 1,440, பின்னே 2,030. பொனற்றின் கீழ் உள்ள தகட்டில் பின் ஆக்சிலுக்கு 2,000தான். மொத்தத்தில் பாஸ், பின்னால் பெயில்.

காரணம் சைக்கிள். ராக்கோடு 65 கிலோ. அது பின் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் பின்னே தொங்குகிறது, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 4 மீட்டர். சீசோ மாதிரி, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் 88 கிலோ அமுக்கும். கழற்றிவிட்டு மறுபடி நிறுத்தேன்: பின்னே 1,942, முன்னே 1,463. முன் சில்லுதான் இழுக்கும் சில்லு, ஈரப் புல்லில் அந்த 23 கிலோவின் அருமை தெரியும்.

ஹரோவாசி: தண்ணீர்?

பழைய ஸ்பானர்: தொட்டி நிறைய 100 லிட்டர் என்றால் 100 கிலோ. போகும் வழியில் 20 லிட்டர் போதும், இடத்தில் போய் நிரப்புங்கள். விளம்பரத்தில் எழுதும் எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் கணக்கில் இல்லை. வெயில்மறைப்பு, இரண்டாவது பற்றரி, சோலார் என்று பின்னர் பூட்டியது எதுவும் இல்லை.

லூட்டன் அக்கா: எல்லோரும் எடையே பேசுகிறீர்கள். நான் மூன்று வருடம் வைத்திருந்து விற்றவள். தெருவில் விட இடமில்லாமல் வாடகைக் கொட்டகை வருடம் 720. இன்சூரன்ஸ் 480, சேர்விசும் எம்ஓடியும் 450, காஸ், ஈரம் பார்க்கும் வருடாந்தப் பரிசோதனை 250, ரோட் ராக்ஸ் 350 போல. டீசல் இல்லாமலே 2,250. கடைசி வருடம் நாங்கள் படுத்தது 31 இரவு. ஓர் இரவுக்கு 73 பவுண், அதற்கு மேல் காம்ப் தளக் கட்டணம். அந்தக் காசுக்கு மெத்தை விரித்து, காலைச் சாப்பாடும் தரும் வீடு கிடைக்கும், தம்பி. விற்றபோது வாங்கிய விலையில் பத்தாயிரம் குறைவு.

வடலி: டீசல்தானே பெரிய செலவு?

பழைய ஸ்பானர்: இல்லை, அக்கா சொல்வதுதான் சரி. 5,000 மைல், கலனுக்கு 30 மைல் என்றால் 760 லிட்டர். லிட்டர் 1.45 என்றால் 1,100 பவுண். நின்றுகொண்டே தின்பது அதைவிடக் கூட. ஆனால் அக்கா, 120 இரவு போனால் அதே 2,250 ஓர் இரவுக்கு 19 ஆகிவிடும். ஓய்வெடுத்தவர்கள் போவார்கள்.

லூட்டன் அக்கா: நாங்களும் அப்படித்தான் சொல்லி வாங்கினோம். பிறகு பேரப்பிள்ளை பிறந்தான்.

பழைய ஸ்பானர்: அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹரோவாசி, இன்னும் ஒன்று: 2015 டுகாட்டோ பெரும்பாலும் யூரோ 5 என்ற பழைய புகைத் தரம். ஹரோவும் யூலெஸ் என்ற லண்டன் புகைக்கட்டண எல்லைக்குள். நம்பரை லண்டன் போக்குவரத்து இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தேறாவிட்டால் வீட்டு வாசலை விட்டு அசையும் நாளெல்லாம் 12.50.

கைவேலை வானைப் பார்க்கப் போனால் காஸ் சிலிண்டர் பெட்டியைத் திறவுங்கள். காஸ் காற்றைவிடப் பாரம், கீழேதான் இறங்கும். பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை வேண்டும், வானின் உள்பக்கம் முழுதாக அடைத்திருக்க வேண்டும். அடுத்து ஜன்னல் வெட்டிய இடத்தில் ரப்பரை நகத்தால் விலக்கிப் பாருங்கள். வெட்டிய தகரத்துக்கு பெயின்ற் அடிக்காமல் பூட்டியிருந்தால் பழுப்புக் கோடு தெரியும். காஸ் பெட்டியில் ஒருவர் அவசரப்பட்டிருந்தால் சுவருக்குப் பின்னே போகும் வயரிலும் அப்படித்தான்.

ரொறன்ரோ ராசன்: எல்லாக் கைவேலையும் மோசம் என்று சொல்லக்கூடாது. என் மச்சான் செய்தது பாறை மாதிரி நிற்கிறது.

பழைய ஸ்பானர்: பாறை மாதிரி என்றுதான் நானும் பயப்படுகிறேன்.

ஹரோவாசி: கைவேலைக்காரருக்கு இப்போதுதான் போன் எடுத்தேன். எடைமேடைக்குக் கொண்டுபோகலாமா, கூலி நான் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் தேவையில்லை, நல்ல வான்" என்கிறார். 2018காரர் சனிக்கிழமை வரச் சொன்னார். அவருடையது தகட்டில் மொத்த எல்லை 3,300 கிலோ. அது போதுமா?

பழைய ஸ்பானர்: சில வான்களை ஒன்றும் மாற்றாமல் பத்திரத்திலேயே 3,500க்கு உயர்த்தலாம், உங்கள் லைசென்ஸுக்குள்தான். பின் ஆக்சில் எண் அதோடு கூடும் என்று நம்ப வேண்டாம். சனிக்கிழமை மனைவியையும் சைக்கிளையும் கூட்டிப் போங்கள், டீசல் நிரப்பிவிட்டு நிறுங்கள். மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள்.

லூட்டன் அக்கா: நிறுத்த பிறகு, ஒரு கிழமை வாடகைக்கு எடுத்து மழையில் படுத்துப் பார்க்கச் சொல்லியும் மனைவியிடம் கேளுங்கள்.