குக்கர் கையேடு: சேஃப்டி வால்வுக்கு என்ன சொல்?

தாழை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பிரஷர் குக்கரோடு வரும் நான்கு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூடியின் படத்தில் ஆறு பாகங்களுக்கு அம்புக்குறி இருக்கிறது. மூடி, கைப்பிடி, ரப்பர் வளையம், ஆவிக்குழாய், வெயிட் என்று ஐந்துக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஆறாவது சேஃப்டி வால்வு. "பாதுகாப்பு வால்வு" என்றால் பாதி மொழிபெயர்த்த மாதிரி இருக்கிறது. அம்புக்குறி பக்கத்தில் இரண்டு சிறிய சொற்களுக்குத்தான் இடம். அதே சொல் 7ஆம் படியிலும் எச்சரிக்கைக் கட்டத்திலும் வரும். உதவுங்கள்.

வழுதி எழுதியது:

அம்மா, வால்வுக்கு "ஓரதர்" என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வழிவிடுவது என்று பொருள். அதர் என்றால் வழி. "ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்" என்று 594ஆம் குறளில் இருக்கிறதே, அந்த அதர்தான். "காப்போரதர்" என்று வைக்கலாம்.

அப்புறம், ஆவிக்குழாயைத் "தூம்பு" என்று மாற்றுங்கள். உள்ளே துளையுள்ளது தூம்பு. யானையின் துதிக்கையைத் "தூம்புடைத் தடக்கை" என்கிறது புறநானூறு. ஏரியிலிருந்து நீரை வெளிவிடும் வழிக்கும் தூம்பு என்றே பெயர். ஆவி வெளியேறும் வழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கலன் எழுதியது:

வழுதி ஐயா, ஓரதர் நல்ல சொல்தான், வால்வாக இருக்கும் பொருளுக்கு. இது வால்வே இல்லை என்பதுதான் சிக்கல். கொதிகலன் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வால்வு என்றால் திறந்து மூட வேண்டும். வெயிட் அப்படித்தான் வேலை செய்கிறது. அழுத்தம் கூடினால் எழும்பி ஆவியை விடும், குறைந்தால் உட்காரும். தாழை கேட்கும் பாகம் வேறு. மூடியில் மரையோடு பொருத்திய சிறு துண்டு அது. அதன் நடுத்துளையை, குறைந்த வெப்பத்தில் உருகும் கலப்பு உலோகம் அடைத்திருக்கும். சூடு எல்லை மீறினால் அந்த உலோகம் உருகி, துளை வழியே ஆவி பீறிடும். ஒரு தடவைதான். பிறகு துண்டையே மாற்ற வேண்டும்.

நீராவி எஞ்சின் கொதிகலனில் இதே உத்தி உண்டு. 1803இல் தன் கொதிகலன் ஒன்று வெடித்த பிறகு ஆங்கிலேயப் பொறியாளர் ட்ரெவிதிக் ஈய அடைப்பு வைக்க ஆரம்பித்தார். தண்ணீர் மட்டம் இறங்கி அடைப்பு வெளியே தெரிந்தால், ஈயம் உருகி ஆவி நெருப்பின் மேல் பாயும். ஆங்கிலத்தில் அதை வால்வு என்று சொல்வதில்லை, உருகும் அடைப்பு என்றே சொல்கிறார்கள். குக்கருக்கு வந்தபோதுதான் பெயர் தவறிப்போனது. நாம் ஏன் அந்தத் தவறையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும்? என் பரிந்துரை "காப்பு உருகி". மின் உருகி என்று ஏற்கெனவே புழங்குகிறதே.

நெய்தல் எழுதியது:

அழுத்தம் அதிகமானால்தானே அது உருகுகிறது? அப்படியானால் "அழுத்தக் காப்பான்" என்றால் போதுமே. வெயிட் வேலை செய்யாதபோது உதவுவது என்று எல்லோருக்கும் புரியும்.

கலன் எழுதியது:

பாதி சரி, நெய்தல். ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தமும் சூடும் சேர்ந்தே ஏறும். வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு அழுத்தம் கூடும்போது தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் போனால் அடைப்பு உருகும். ஆனால் தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால் அழுத்தம் பெரிதாக இருக்காது, சூடு மட்டும் ஏறும். அப்போதும் உருகும். "அழுத்தக் காப்பான்" என்று வைத்தால் இந்த இரண்டாவது காரணம் மறைந்துவிடும்.

மல்லிகை எழுதியது:

என் குக்கரில் மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறது, வெயிட் எழும்புவதே இல்லை. இந்தப் பாகம்தான் காரணமா? போன வருடம் இதே பாகத்திலிருந்து திடீரென்று ஆவி சீறியது. வால்வுதானே, அழுக்கு சேர்ந்து திறந்துகொண்டது என்று நினைத்துத் துடைத்தேன். மூடாததால் துளையைப் பசை வைத்து அடைத்துவிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கலன் எழுதியது:

அம்மா, அந்த மூடியை இனி அடுப்பில் வைக்காதீர்கள். ஓரத்தில் கசிவது ரப்பர் வளையம் இறுகியோ நைந்தோ போனதால், அது சின்ன விஷயம். பசை வைத்த துளைதான் ஆபத்து. ஆவிக்குழாய் ஒருமுறை அடைத்தால் அழுத்தம் போக வேறு வழியே இல்லை. முதலில் புதுத் துண்டு மாற்றுங்கள். அப்புறம் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆவிக்குழாய் வழியே பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும்.

மற்றவர்களுக்கு: "வால்வு" என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுத்தாணி எழுதியது:

முதியோர் வகுப்பு நடத்துகிறேன். "காப்பு உருகி வெளியே வந்தால் அடுப்பை அணைக்கவும்" என்று எழுதிக்கொடுத்து இன்று ஆறு பேரை வாசிக்கச் சொன்னேன். நான்கு பேர் கைக்காப்பு உருகுவதாகப் படித்தார்கள். தவறு அவர்களுடையது அல்ல. உருகி என்பது பெயராகவும் இருக்கிறது, வினையெச்சமாகவும் இருக்கிறது. வாக்கியத்துக்குள் வந்தால் வினையெச்சமாகத்தான் காதில் விழும். "மின் உருகி" தப்பிப்பதற்கு முன்னால் இருக்கும் மின் காரணம்.

வழுதி எழுதியது:

இலக்கணம் சரியாகப் பிடித்தீர்கள். அப்படியானால் வினைத்தொகையாக்கி "உருகடைப்பு" என்போம். சுடுநீர் மாதிரி. உருகிய, உருகுகின்ற, உருகும் அடைப்பு என்று முக்காலமும் அடங்கும். ஒரே சொல், அம்புக்குறிக்குப் பக்கத்தில் அடங்கும். ஓரதரை விட்டுவிடுகிறேன், தூம்பை விடமாட்டேன்.

நெய்தல் எழுதியது:

உருகடைப்பு அழகாக இருக்கிறது. ஆனால் மாற்றுத் துண்டு வாங்கப் போகிறவர் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்? பொட்டலத்தின் மேல் சேஃப்டி வால்வு என்றுதான் இருக்கும்.

எழுத்தாணி எழுதியது:

இன்னொன்று. எந்தச் சொல் வைத்தாலும் எச்சரிக்கைக் கட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள். என் வகுப்பில் படி எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகிறார்கள். செய்த பிறகு படிக்கும் எச்சரிக்கை உதவாது.

தாழை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். படத்தில் "சேஃப்டி வால்வு" என்றே விடுகிறேன், கடையில் கேட்க அதுதான் உதவும். வாக்கியத்தில் அது என்ன செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன். எச்சரிக்கையை 7ஆம் படிக்கு மேலேயே ஏற்றிவிட்டேன்:

எச்சரிக்கை: சேஃப்டி வால்வின் நடுத்துளையை எதனாலும் அடைக்க வேண்டாம்.
7. நடுவில் உள்ள அடைப்பு உருகி ஆவி பீறிட்டால் அடுப்பை அணைக்கவும். மூடியைத் தொட வேண்டாம்.
8. முழுவதும் ஆறிய பிறகு திறக்கவும். தண்ணீர் வற்றியதா, ஆவிக்குழாய் அடைத்ததா என்று பார்க்கவும்.
9. புதிய சேஃப்டி வால்வு பொருத்திய பிறகே மீண்டும் பயன்படுத்தவும்.

கலன் எழுதியது:

8ஆம் படி நன்றாக இருக்கிறது. காரணத்தைத் தேடாமல் துண்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் உருகும். பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் இந்த வாக்கியங்களைப் படிப்பவர் பசை வைக்கமாட்டார்.

வழுதி எழுதியது:

7ஆம் படியில் "அடைப்பு", 8ஆம் படியில் "அடைத்ததா". ஒன்று இருக்க வேண்டிய அடைப்பு, மற்றது இருக்கக் கூடாதது. படிப்பவர் குழம்புவார். உருகடைப்பு என்று வைத்திருந்தால் இது வராது. அச்சுக்குப் போகும் முன் இன்னொரு தடவை யோசியுங்கள், தாழை.

மல்லிகை எழுதியது:

துண்டு வாங்கிவிட்டேன். சேஃப்டி வால்வு என்றுதான் கேட்டேன். பழையதைக் கழற்ற வரவில்லை, பசை மரைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மூடியையே மாற்ற வேண்டுமா, கலன் ஐயா?