பிரேக்அவுட் வந்தாச்சு, ஆனால் புரமோட்டர் பங்கில் 30% அடகு. என்ன செய்யலாம்?

புதுவரவு_கோவை: டெய்லி சார்ட்டில் நல்ல வால்யூமோடு பிரேக்அவுட். கம்பெனியில் புரமோட்டர் கையில் 50%, அதில் 30% அடகு. 8% ஸ்டாப்லாஸ் போட்டு நுழையலாமா, இல்லை லிஸ்டிலிருந்தே தூக்கிடணுமா?

கேண்டில்குமார்: நுழையலாம். அடகு, கடன் எல்லாம் ஊருக்கே தெரிந்த செய்தி, விலையில் எப்போதோ ஏறியிருக்கும். நாம் இருக்கப்போவது மூன்று வாரம். தப்பானால் 8% நஷ்டம், அவ்வளவுதான்.

பேரேடு: அந்த 8% இடத்தில் வாங்க ஆள் இருந்தால்தான் நஷ்டம் 8%, குமார். 2019 ஜனவரி 25 அன்று ஜீ என்டர்டெயின்மென்ட் ஒரே நாளில் சுமார் 26% விழுந்தது. புரமோட்டர் பங்கில் பாதிக்கு மேல் அடகில் இருந்தது. எஃப்&ஓ பங்கு என்பதால் நிலையான சர்க்யூட் வரம்பும் இல்லை. சின்னப் பங்கென்றால் கதை வேறு மாதிரி: 5% லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும், உங்கள் ஆர்டர் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும்.

காரணம் எளிது. 100 கோடி கடனுக்கு 200 கோடி மதிப்புள்ள பங்கை அடகு வைக்கிறார்கள் என்று வையுங்கள். விலை 25% இறங்கினால் ஈடு 150 கோடி. கடன் கொடுத்தவர் கூடுதல் பங்கு கேட்பார், கிடைக்காவிட்டால் சந்தையில் விற்பார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், கடன் கொடுத்த அடுத்தவரும் விழித்துக்கொள்வார்.

கேட்டவருக்கு: 50%-இல் 30% என்றால் மொத்தப் பங்கில் 15%. கம்பெனிக்கு 10 கோடி பங்கு இருந்தால் 1.5 கோடி அடகில். தினசரி டெலிவரி சராசரி 2 லட்சம் என்றால், அது 75 நாள் டெலிவரிக்குச் சமம். அத்தனையும் விற்க வந்தால் எந்த சப்போர்ட் கோடும் தாங்காது. நான் சதவீதத்தைவிட இந்த நாள் கணக்கைத்தான் பார்ப்பேன். 10 நாளைத் தாண்டினால் சார்ட்டையே திறப்பதில்லை.

மார்ஜின்_மணி: அப்போ நான் புரோக்கரிடம் என் பங்குகளை பிளெட்ஜ் பண்ணி மார்ஜின் எடுத்திருக்கேனே, அதுவும் ஆபத்தா?

பேரேடு: உங்களுக்கு ஆபத்து இருக்கலாம், கம்பெனிக்கு இல்லை. புரமோட்டர் அடகுக் கணக்கில் அது வராது. இங்கே பேசுவது வேறு.

கேண்டில்குமார்: 10 நாள் விதியை வைத்திருந்தால் அப்போலோ ஹாஸ்பிடல்ஸை 2019-இல் தூக்கி எறிந்திருப்பீர்கள். அங்கேயும் புரமோட்டர் பங்கில் பாதிக்கு மேல் அடகு. பிறகு விலை எங்கே போனது என்று சார்ட்டில் பாருங்கள்.

பேரேடு: நியாயமான கேள்வி. ஆனால் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த பங்கை விற்று அடகைக் குறைக்கப்போவதாக அதே ஆண்டில் சொன்னார்கள், குறைந்தும் வந்தது. நான்கு காலாண்டின் ஷேர்ஹோல்டிங் பேட்டர்னை வரிசையாக வையுங்கள். அடகு இறங்கினால் விதியைத் தளர்த்தலாம். விலை விழும்போது அடகுப் பங்கு எண்ணிக்கை ஏறினால் அது கடன் கொடுத்தவர் கேட்ட கூடுதல் ஈடு, அதாவது டாப்அப், ஓடிவிடுங்கள். காலாண்டு முடிந்து 21 நாள் வரை அவகாசம் இருப்பதால் அந்தப் படம் பழசாகவும் இருக்கும். இடையில் புது அடகு வைத்தால் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அறிவிப்பு வரும், அதையும் தேடுங்கள்.

ரேவதி_சிஏ: அடகு கண்ணுக்குத் தெரிகிற நோய். பணவரத்துதான் ஏமாற்றும். ஒரு கற்பனைக் கணக்கு: மூன்று வருட நிகர லாபம் 40, 50, 60 கோடி. செயல்பாட்டுப் பணவரத்து 42, 25, 8 கோடி. லாபம் 150, கைக்கு வந்தது 75. மீதி எங்கே? வரவேண்டிய பாக்கி 60-இலிருந்து 150 கோடி ஆகியிருக்கும். வருமானம் காகிதத்தில், சரக்கு வாங்கியவரிடம் பணம்.

இதில் ஒரு பொறி உண்டு. நம் கணக்கு முறையில் பெரும்பாலான கம்பெனிகள் கட்டிய வட்டியை நிதித் திரட்டல் பகுதியில்தான் காட்டும். அந்த 8 கோடியில் வட்டி கழியவில்லை. வட்டி 20 கோடி என்றால் உண்மையில் 12 கோடி பற்றாக்குறை, அதைப் புதுக் கடன்தான் நிரப்பும். கடன் விகிதம் அடுத்த வருடம்தான் கெட்டுப்போகும், பணவரத்து முன்னாலேயே சொல்லிவிடும்.

ஸ்கிரீனரில் முதல் சல்லடைக்கு:

```
Debt to equity < 1 AND
Interest Coverage Ratio > 3 AND
Pledged percentage < 5 AND
Operating cash flow 3years > 0
```

வங்கி, என்பிஎஃப்சிக்கு இது பொருந்தாது. கடன்தான் அவர்கள் சரக்கு.

கேண்டில்குமார்: அரசு ஒப்பந்த வேலை எடுக்கும் கம்பெனிகளில் பில் மார்ச்சில் போட்டு, பணம் ஜூனில் வரும். உங்கள் சல்லடையில் அதுவும் போய்விடுமே?

ரேவதி_சிஏ: போகும், அதனால்தான் ஒரு வருடத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டில் அந்தப் பாக்கி இறங்கியிருந்தால் பில் தாமதம். அங்கேயும் ஏறியிருந்தால் வேறு சங்கதி.

கேண்டில்குமார்: செப்டம்பர் கணக்கு வருவது நவம்பரில். அதற்குள் பிரேக்அவுட் முடிந்திருக்கும். அடகு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், ஓவர்நைட் வைப்பதென்றால் நாள் கணக்கு போடுவேன். பணவரத்துக்காக ஸ்விங் டிரேடை விட மாட்டேன்.

புதுவரவு_கோவை: கணக்குப் போட்டேன். 41 நாள் வருது. போன காலாண்டில் அடகு 22%.

பேரேடு: அந்த மூன்று மாதத்தில் விலை ஏறியதா இறங்கியதா?