சத்தம் கூடியதா, குறைந்ததா?

வெற்றிப்படி:
ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதும் நண்பர்களுக்கு இன்றைய மாதிரி வினா. "கணக்குப் பாடவேளையில் சத்தம் போடும் மாணவனை ஆசிரியர் ஒவ்வொரு முறையும் வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கிறார். மூன்று வாரங்களில் அவன் கணக்குப் பாடவேளையில் சத்தம் போடுவது முன்பைவிட அதிகமாகிவிட்டது. இது எதற்கு எடுத்துக்காட்டு? அ) தண்டனை ஆ) எதிர்மறை வலுவூட்டல் இ) இடப்பெயர்ச்சி ஈ) பின்னோக்கம்." விடை: அ. வெளியே நிற்கவைப்பது தண்டனை. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

தாமிரபரணி:
விடை தவறு. ஆ என்று திருத்துங்கள். வினாவை எழுதியவரே அதன் இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கவில்லை. சத்தம் கூடியிருக்கிறது. ஒரு செயலுக்குப் பின்னால் வரும் விளைவு அந்தச் செயலைக் குறைத்தால்தான் அது தண்டனை, கூட்டினால் வலுவூட்டல். இங்கே கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, கீழே தண்டனை என்று விடை போடுகிறீர்கள். தேர்வில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பகுதிக்கு மட்டும் 30 மதிப்பெண். உங்களை நம்பி இதை மனப்பாடம் செய்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

வெற்றிப்படி:
அம்மா, ஒன்பது ஆண்டுகளாகப் பயிற்சி மையம் நடத்துகிறேன். வெளியே நிற்கவைத்தது ஆசிரியர். எதற்காக நிற்கவைத்தார்? தண்டிப்பதற்காக. பிறகு அது தண்டனை இல்லாமல் என்ன, பரிசா?

தாமிரபரணி:
அந்த மாணவனுக்குப் பரிசுதான். கணக்கிலிருந்து விடுதலை கிடைக்கிறது. ஆசிரியர் மனத்தில் என்ன நினைத்தார் என்று வினா கேட்கவில்லை. சத்தம் கூடியதா, குறைந்ததா?

கணக்கு வாத்தியார்:
இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். எல்லா எடுத்துக்காட்டிலும் கணக்குதான் பிள்ளைகள் ஓடிப்போகிற பாடமா? ஏன், வரலாற்று வகுப்பில் யாரும் சத்தம் போடுவதில்லையா? இருக்கட்டும். என் அனுபவத்தில் வெளியே அனுப்பினால் பையன் அடங்கிவிடுகிறான். ஆகவே தண்டனை என்பதே சரி.

தாமிரபரணி:
உங்கள் வகுப்பில் அடங்கினால் அங்கே அது தண்டனைதான் ஐயா. அதை நான் மறுக்கவே இல்லை. வினாவில் வரும் மாணவன் அடங்கவில்லை. செய்கை ஒன்றே, விளைவு வேறு. பாடம் இனிக்கிற வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினால் பிள்ளைக்கு இழப்பு. பாடம் கசக்கிற வகுப்பிலிருந்து அனுப்பினால் நிம்மதி.

இது என் கற்பனை இல்லை. 1977-இல் சோல்னிக், ரின்கோவர், பீட்டர்சன் மூவரும் செய்த ஆய்வு இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஆறு வயதுச் சிறுமி அடம்பிடித்து அழும்போதெல்லாம் அவளைத் தனியே விட்டார்கள். அழுகை குறையவில்லை, கூடியது. தனியே விட்ட நேரத்தில் அவள் தனக்குப் பிடித்த தன் போக்கிலான அசைவுகளைச் செய்துகொண்டிருந்தாள், அதற்கு யாரும் குறுக்கே வரவில்லை. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், வகுப்புச் சூழல் வளமாக இருந்தபோது வெளியேற்றம் தண்டனையாக வேலை செய்தது, வறண்டு கிடந்தபோது செய்யவில்லை.

மூன்றாம் பெஞ்ச்:
எனக்கு இடப்பெயர்ச்சி என்றுதான் தோன்றுகிறது. வீட்டில் அப்பா அடித்திருப்பார். அவரிடம் காட்ட முடியாத கோபத்தைப் பையன் வகுப்பில் காட்டுகிறான்.

வெற்றிப்படி:
வினாவில் அப்பா எங்கே தம்பி வந்தார்?

மூன்றாம் பெஞ்ச்:
வரவில்லை. ஆனால் வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கிறது. மேலதிகாரி திட்டிய நாளில் என் அப்பா எங்களைத் திட்டுவார். அது இடப்பெயர்ச்சிதானே?

தாமிரபரணி:
உங்கள் அப்பா செய்தது இடப்பெயர்ச்சிதான். மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபம், ஆபத்தில்லாத வேறு ஆள்மீது இறங்குகிறது. வினாவில் அப்படி ஒரு முதல் ஆளே இல்லை. சத்தம் கணக்குப் பாடவேளையில்தான் கூடுகிறது என்ற குறிப்பையும் பாருங்கள். வீட்டுக் கோபம் மணியடித்துக் கணக்கு தொடங்கும்வரை காத்திருக்காது.

வைகைக்கரை:
தாமிரபரணி அக்கா சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். சத்தம் கூடியதால் அது வலுவூட்டல், சரி. எதிர்மறை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? வெளியே நிற்கும்போது வராந்தாவில் போகிறவர்கள் எல்லோரும் அவனிடம் பேசுவார்கள். நண்பர்கள் ஜன்னல் வழியாகச் சிரிப்பார்கள். அவனுக்குக் கவனம் கிடைக்கிறது. கிடைத்தால் நேர்மறை வலுவூட்டல் அல்லவா?

தாமிரபரணி:
இந்தத் திரியில் வந்த முதல் உருப்படியான கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்துத்தான் பிரிக்க முடியும். அந்தச் சோதனை முறையை இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்டார்கள். நான் சிறப்புப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே ஒரு சிறுவன், ஒன்பது வயது. கழித்தல் தாளைக் கையில் கொடுத்தால் கத்திக்கொண்டே கிழிப்பான். எங்கள் ஆசிரியை அவனை மூலையில் உட்காரவைப்பார். நாளுக்கு நாள் கத்தல் கூடியது.

நாங்கள் மூன்று சூழல்களை அமைத்தோம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். முதலாவதில் விளையாட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டு நான் வேறு வேலை பார்த்தேன், கத்தினால் மட்டும் திரும்பி, "கத்தாதே கண்ணா" என்றேன். இரண்டாவதில் கழித்தல் தாளைக் கொடுத்தேன், கத்தினால் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிக்கொண்டேன். மூன்றாவதில் அவனோடு சேர்ந்து விளையாடினேன், எந்த வேலையும் கொடுக்கவில்லை. பல நாட்கள் மாற்றி மாற்றிச் செய்து எண்ணினோம். கவனம் கிடைக்கும் சூழலில் ஒன்றிரண்டு முறை கத்தினான். விளையாட்டில் ஏறக்குறைய இல்லை. கழித்தல் தாள் வந்த பத்து நிமிடத்தில் பத்து, பதினொரு முறை. அவன் தேடியது என் முகத்தை அல்ல. தாள் போக வேண்டும், அவ்வளவுதான்.

வினாவில் அந்தச் சோதனை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. கவனம்தான் வேண்டுமென்றால் அவன் எல்லாப் பாடவேளையிலும் சத்தம் போட்டிருப்பான். நான்கு விடைகளில் நேர்மறை வலுவூட்டல் கொடுக்கப்படவும் இல்லை.

வைகைக்கரை:
கடைசியில் சொன்னதுதான் உண்மையான காரணம். கொடுத்த விடைகளுக்குள் தேடுகிறீர்கள். கணக்கு வாத்தியார் மட்டும் வெளியே அனுப்பும் பழக்கமுள்ளவராக இருந்து, மற்றவர்கள் அனுப்பாமல் இருந்தால்? அப்போதும் சத்தம் கணக்கில் மட்டும்தானே கூடும்? உங்கள் தடயம் அங்கே நிற்காது.

தாமிரபரணி:
மற்ற ஆசிரியர்கள் வெளியே அனுப்பினார்களா இல்லையா என்று வினா சொல்லவில்லை. எழுதாததை நீங்கள் சேர்க்கிறீர்கள்.

வைகைக்கரை:
நீங்களும்தான் சேர்த்தீர்கள். மற்ற பாடவேளையில் அவன் அமைதியாக இருந்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

வெற்றிப்படி:
பார்த்தீர்களா? ஆளுக்கொரு விளக்கம். அதனால்தான் எளிய விடையைக் கொடுத்தேன். எதிர்மறை என்றாலே பிள்ளைக்கு வேண்டாததைச் செய்வது. வெளியே நிற்பது வேண்டாதது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தாமிரபரணி:
ஒன்றே இல்லை! ஆயிரக்கணக்கானவர்கள் மதிப்பெண்ணை இழப்பது இந்த ஒரு வரியால்தான். எதிர்மறை என்பது கெட்டது என்ற பொருளில் வரவில்லை. கணக்கில் கழித்தல் குறி கெட்டதா? ஏதோ ஒன்று கழிக்கப்படுகிறது, அதனால் செயல் கூடுகிறது. காரில் சீட் பெல்ட் போடும்வரை பீப் ஒலி கேட்கிறது, போட்டதும் நின்றுவிடுகிறது. அடுத்த முறை ஏறியவுடன் பெல்ட்டைத் தேடுகிறீர்கள். அங்கே யார் உங்களைத் தண்டித்தார்கள்? இந்த நேர்மறை, எதிர்மறைப் பிரிவே தேவையில்லை என்று 1975-இல் ஜேக் மைக்கேல் கட்டுரை எழுதினார். அவர்கூட வலுவூட்டலையும் தண்டனையையும் ஒன்றாக்கவில்லை. நீங்கள் ஒன்றாக்குகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், ஐயா கோபப்பட்டாலும் பரவாயில்லை. பையன் வெளியே போனதும் வகுப்பில் சத்தம் நிற்கிறது. அந்த அமைதி ஆசிரியருக்குக் கிடைக்கும் எதிர்மறை வலுவூட்டல். அதனால் அவர் அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாக வெளியே அனுப்புகிறார். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்டனை பலன் தருகிறது என்று அவர் நம்புவது அந்த அரைமணி நேர அமைதியை வைத்துத்தான். மூன்று வாரக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் நானும் கூண்டில் இருக்கிற எலி என்கிறீர்கள். வகுப்பில் 46 பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் சிறப்புப் பள்ளியில் ஒரு ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்?

தாமிரபரணி:
எட்டு. அதற்கும் விடைக்கும் தொடர்பில்லை. சத்தம் கூடியதா, குறைந்ததா?

கிழக்குச்சீமை:
வெளியே நிற்கவைப்பதே சட்டப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லையே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

கணக்கு வாத்தியார்:
வந்துவிட்டார் அடுத்தவர். நான் யாரையும் அடித்ததில்லை.

மூன்றாம் பெஞ்ச்:
வெற்றிப்படி ஐயாவிடம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை மாற்றிய பிறகும் கை பழைய எண்ணையே அழுத்துவது பின்னோக்குத் தடை என்று உங்கள் கையேட்டில் இருந்தது. அதை நம்பி எழுதி ஒரு மதிப்பெண் போயிற்று.

வெற்றிப்படி:
அச்சுப் பிழை.

தாமிரபரணி:
அச்சுப் பிழையாக இருக்காது. பழைய எண் புதிய எண்ணை நினைவுக்கு வரவிடாமல் தடுக்கிறது, ஆகவே முன்னோக்குத் தடை. புதிய எண் பழகிய பிறகு பழையது மறந்துபோனால்தான் பின்னோக்கு. தமிழில் படிக்கிறவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. "முன்" என்றால் முந்தியது என்றும் பொருள், எதிரே இருப்பது என்றும் பொருள். "முன்னோக்கு" என்றதும் முந்தியது தடைபடுகிறது என்று படித்துவிடுகிறார்கள். தடை எந்தத் திசையில் போகிறது என்று ஒரு அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பழையதிலிருந்து புதியதை நோக்கிப் போனால் முன்னோக்கு.

வெற்றிப்படி:
நான் 25 வினாக்கள் தயாரித்து இலவசமாகப் போடுகிறேன். நீங்கள் ஒன்றாவது தயாரித்தீர்களா? குறை சொல்வது எளிது. என் விடைக்குறிப்பு அப்படியே இருக்கும்.

தாமிரபரணி:
இலவசம் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது. அந்தச் சிறுவனுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டிருந்தால் பயனாக இருந்திருக்கும். "கொஞ்ச நேரம் வேண்டும்" என்று எழுதிய ஒரு அட்டையைக் கொடுத்தோம். அதைக் காட்டினால் தாளை இரண்டு நிமிடம் எடுத்துவைப்போம். கத்தினால் எடுக்க மாட்டோம். முதல் நான்கு நாட்கள் கத்தல் பயங்கரமாகக் கூடியது, ஆசிரியை கைவிடவே பார்த்தார். பிறகுதான் இறங்கியது. அட்டை கொடுத்ததும் எதிர்மறை வலுவூட்டல்தான், ஆனால் இந்த முறை நாங்கள் விரும்பிய செயலுக்கு.

வைகைக்கரை:
நான்கு நாட்கள் கூடியபோது அதை என்னவென்று சொல்வீர்கள்? சத்தம் கூடினால் வலுவூட்டல் என்றுதானே காலையிலிருந்து சொல்கிறீர்கள்?

தாமிரபரணி:
வலுவூட்டலை நிறுத்தினால் முதலில் ஒரு எழுச்சி வரலாம், பிறகு தணியும். மூன்று வாரங்கள் என்று வினா சொல்வது அதனால்தான் முக்கியம்.

வைகைக்கரை:
மூன்றாவது வாரத்திலும் எழுச்சி நீடிக்காது என்று யார் உறுதி சொன்னது?

கணக்கு வாத்தியார்:
46 பேருக்கும் அட்டை அச்சடிக்க எந்த நிதியில் கேட்பது என்றும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேர்வு. அ-வா, ஆ-வா?

வெற்றிப்படி:
அ.

தாமிரபரணி:
ஆ. இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்.