டி-எஸ்ஸருக்குத் தமிழில் என்ன சொல்வது?

மாலதி:
அனைவருக்கும் வணக்கம். ஒலிப்பதிவு செய்த உரைநடை வாசிப்பைத் திருத்துவது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. இரண்டு சொற்களில் தேங்கி நிற்கிறேன். ஒன்று டி-எஸ்ஸர், அதாவது பதிவில் ச, ஸ போன்ற ஒலிகள் காதைக் குத்தாமல் அடக்கும் கருவி. மற்றது, வாசிப்பவர் வாய் திறக்கும்போது "டிக்" என்று விழும் சின்னச் சத்தம். முதலாவதற்குக் கையெழுத்துப் படியில் "சீறொலி நீக்கி" என்று இருக்கிறது. எனக்கு உறுத்துகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

கதிர்:
> சீறொலி நீக்கி

சுற்றி வளைப்பானேன்? பிரச்சினை ச எழுத்தில்தானே வருகிறது. "சகர நீக்கி" என்று வைத்துவிடலாம். கேட்டதும் புரியும்.

நடராசன்:
மாலதி அம்மாவுக்கு உறுத்துவது "நீக்கி" என்ற பாதியாகத்தான் இருக்கும். இந்தக் கருவி எதையும் நீக்குவதில்லை. குறிப்பிட்ட அலைவரிசைப் பட்டையில் ஒலி ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பட்டையைக் கொஞ்சம் அமுக்கி, அடுத்த உயிரொலி வருவதற்குள் விட்டுவிடும். உண்மையிலேயே நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு "சரி" என்ற சொல்லே போதும். அந்த வரம்பை, அதாவது த்ரெஷோல்டை, கீழே இறக்கிக்கொண்டே போனால் அது "தரி" போலக் கேட்கத் தொடங்கும், நாக்குத் தடித்தவர் வாசிப்பதுபோல. அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துவதுதான் வேலையே. பெயரில் "நீக்கி" என்று இருந்தால் படிப்பவர் சத்தம் போகும்வரை திருகிக்கொண்டே இருப்பார். என் பரிந்துரை "தணிப்பி".

"சகரம்" பாதி சரி. சொல் முதலில் வரும் ச பெரும்பாலோர் வாயில் சீறுகிறது: சரி, செய்தி, சில. "பச்சை"யில் உள்ள ச்ச வேறு ஒலி, அடைத்து வெடிப்பது. "பஞ்சு" அந்த அளவுக்குச் சீறுவதில்லை. மறுபக்கம் ஸ, ஷ இரண்டும் சகரம் இல்லை, ஆனால் கருவியைத் தூண்டும். கருவிக்கு எழுத்து தெரியாது, பட்டையில் உள்ள ஆற்றல் மட்டுமே தெரியும்.

ஜமீலா:
எனக்கு "சீறொலி" சரியாகத்தான் படுகிறது. ஆனால் கருவி வேலை செய்வதில்லையே? என் பதிவில் தொடக்கம் முதல் முடிவு வரை உஸ்ஸென்று ஓர் ஓசை. டி-எஸ்ஸரை எவ்வளவு வைத்தாலும் அது அப்படியே இருக்கிறது. குரல் மட்டும் மழுங்கிப் போகிறது.

நடராசன்:
ஜமீலா, உங்களுடையது பின்னணி இரைச்சல். அது இடைவிடாமல் ஓடுகிறது, பேச்சை விட மிகத் தாழ்வாக. டி-எஸ்ஸர் பார்ப்பது திடீரென எழும் உச்சத்தை. இரைச்சலை அது பிடிக்கும் அளவுக்கு வரம்பை இறக்கினால் பேச்சு முழுவதும் அமுங்கும், நீங்கள் சொன்ன மழுங்கல் அதுதான். இரைச்சலுக்கு வேறு கருவி, அல்லது இரைச்சல் வரும் இடத்தையே அடைப்பது.

ஆனால் உங்கள் கேள்வி ஒரு நல்லது செய்திருக்கிறது. "சீறொலி" என்றால் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

தேவகி:
மொழியியலில் ஸ, ஷ, ஃப எல்லாமே உரசொலி. "உரசொலித் தணிப்பி" என்றால் எழுத்தும் வராது, இரைச்சல் குழப்பமும் வராது. ஃப-வையும் சேர்த்துக்கொள்வது மட்டும் குறை, ஏனென்றால் அது இப்படிக் காதைக் குத்துவதில்லை. வகைப்பாட்டில் துல்லியம் வேண்டுமா, கேட்டவுடன் புரிய வேண்டுமா என்பதை மாலதி முடிவு செய்யட்டும்.

கதிர்:
"நீக்கி"யை விட்டுவிடுகிறேன். ஆனால் வரம்பை எங்கே நிறுத்துவது என்று கையேட்டில் எழுதியாக வேண்டுமே? "காதால் கேட்டு வை" என்றால் யாருக்கும் உதவாது. இன்னொன்று, அந்த "டிக்" சத்தத்தையும் இதே கருவியில் பிடித்துவிட முடியாதா? இரண்டுமே கூர்மையான ஒலிதானே.

நடராசன்:
முதல் கேள்விக்கு ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "சென்ற சில நாட்களாக வந்த செய்திகள் சரியா?" பெண் குரல். அலைநிறமாலைக் காட்சியில் பார்த்தால் ச வரும் இடமெல்லாம் மேல்பகுதியில் ஒரு பிரகாசத் திட்டு. இந்தக் குரலில் அது 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அடர்த்தியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் குரலில் பொதுவாகக் கொஞ்சம் கீழே, 5-6 அளவில் கிடைக்கும். கருவியைப் பட்டை பிரிக்கும் முறையில் வைத்து 5.5 முதல் 9 வரை கொடுங்கள். முழு அலையையும் அமுக்கும் முறையில் ஒவ்வொரு ச-விலும் குரலே உள்வாங்குவது தெரியும்.

பிறகு கருவி பிடிப்பதை மட்டும் தனியே கேளுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் கடைசி எழுத்து e அதைச் செய்கிறது:

```
ffmpeg -i vasippu.wav -af "deesser=i=0.4:m=0.5:f=0.5:s=e" pidippu.wav
```

நல்ல அமைப்பில் அந்தக் கோப்பில் வெறும் ஸ், ஸ், ஸ் என்று துணுக்குகள்தான் இருக்கும். சொற்கள் அடையாளம் தெரிகின்றன என்றால் உயிரொலியும் மாட்டியிருக்கிறது, குறையுங்கள். தணிப்பு அளவு காட்டும் கருவியில் முள் ச-வில் 3 முதல் 6 டெசிபெல் வரை இறங்கி, "நாட்களாக" வரும்போது அசையாமல் நிற்க வேண்டும். அப்போதும் "செய்திகள்" மட்டும் குத்தினால், அந்த ஒன்றுக்காகக் கருவியைக் கூட்டாதீர்கள். அந்த ச-வை மட்டும் தேர்ந்து கையால் 4 டெசிபெல் இறக்கி, இரு முனையிலும் 5 மில்லிவினாடி மங்கல் கொடுங்கள். வரி முழுவதும் இயல்பாக இருக்கும்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் போடுவதாக இருந்தால் டி-எஸ்ஸர் அதற்குப் பின்னால். கம்ப்ரஸர் பெரும்பாலும் உயிரொலியைப் பார்த்து அமுக்குகிறது, மெலிந்த ச தப்பித்துவிடுகிறது. பிறகு மொத்த அளவை ஏற்றும்போது ச மட்டும் முன்னைவிடத் தூக்கலாக நிற்கும்.

"டிக்" வேறு சாதி. அது சில மில்லிவினாடிதான், நிறமாலையில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய செங்குத்துக் கோடு. டி-எஸ்ஸர் விழித்துக்கொள்வதற்குள் அது போய்விடும். சொற்களுக்கு இடையே இருந்தால் அதே பதிவின் வெற்று அறை ஓசையிலிருந்து ஒரு துண்டை மேலே ஒட்டுங்கள். வெறும் மௌனம் வைத்தால் அந்த இடத்தில் குழி விழுந்ததுபோல் தெரியும். உயிரொலிக்கு நடுவே இருந்தால் அலையின் ஒரு முழுச் சுழற்சியை, கோடு சுழியத்தைக் கடக்கும் இடங்களில் வெட்டி எடுங்கள். 200 ஹெர்ட்ஸ் குரலில் அது 5 மில்லிவினாடி, காது கவனிக்காது. அரைச் சுழற்சி வெட்டினால் நீங்களே புதிதாக ஒரு "டிக்" உண்டாக்கிவிடுவீர்கள்.

இதை டி-எஸ்ஸருக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. வாசிப்பவர் இடையிடையே தண்ணீர் குடித்து, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக வைத்துக்கொண்டால் பாதி வேலை வராது.

கதிர்:
அப்படியானால் அதற்கு "வாய்ச்சொடுக்கு".

தேவகி:
சொடுக்கு என்றால் சுட்டியை அழுத்துவது என்றாகிவிட்டது. விரலில் விடுகிறோமே, "சொடக்கு". "வாய்ச்சொடக்கு" என்றால் ஓசையும் நினைவுக்கு வரும்.

ஜமீலா:
சொடக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் "உரசொலி" என்றால் என்னைப் போன்றவர்கள் மைக்கில் சட்டை உரசும் சத்தம் என்று நினைப்போம்.

மாலதி:
வாய்ச்சொடக்கு பட்டியலில் ஏறிவிட்டது. "தணிப்பி"யும் உறுதி. முன்பாதிக்கு "சீறொலி" என்று எழுதி, இது பின்னணி இரைச்சலைக் குறிக்காது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். தேவகி அம்மாவுக்குத் திருப்தி இருக்காது என்று தெரியும்.

தேவகி:
இல்லைதான். ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் "அது அல்ல" என்று எழுத வேண்டியிருந்தால் சொல்லில் ஏதோ கோணல் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் "சகாரத் தணிப்பி" என்பதையும் பாருங்கள். சகரம் எழுத்து என்றால், சகாரம் அந்த ஓசை என்று வழக்குப்படுத்த இடமிருக்கிறது.

கதிர்:
அச்சுப்பிழை என்று யாராவது திருத்தி, மறுபடி "சகரம்" ஆக்கிவிடுவார்கள்.