சீன மொழியில் இருக்கும் எடை மெஷின் ஆப், உதவி வேண்டும்

அண்ணன் சீனாவிலிருந்து வரும்போது அம்மாவுக்காக ஒரு ஸ்மார்ட் எடை மெஷின் வாங்கி வந்தார். ஆப் முழுக்கச் சீன மொழி, மொழி மாற்றும் இடமே கண்ணில் படவில்லை. முதல் நாள் அம்மா ஏறி நின்றதும் 124.6 என்று காட்டியது, பாவம், பயந்தே போய்விட்டார். மருந்துக் கடை மெஷினில் 62 கிலோதான். அப்புறம் உற்றுப் பார்த்தால், எண்ணுக்குப் பக்கத்தில் 斤 என்று இருந்தது. அது ஜின், சீனாவில் அரைக் கிலோ. அமைப்புகளில் (设置) அலகு (单位) என்ற இடத்துக்குப் போய் 公斤 என்று மாற்றினேன், அதுதான் கிலோ. இப்போது 62.3 என்று சரியாகக் காட்டுகிறது.

சிக்கல் கீழே உள்ள பட்டியலில். 体脂率 கொழுப்புச் சதவீதம், அது புரிகிறது. ஆனால் 骨量, 骨骼肌 இரண்டுமே ஒரே எழுத்தில் தொடங்குவதால் போன் கேமரா மொழிபெயர்ப்பு இரண்டையும் 'எலும்பு' என்றே சொல்கிறது. முதலாவது எலும்பின் எடை, இரண்டாவது எலும்போடு ஒட்டிய தசை என்று நினைக்கிறேன், சரியா? 骨量 இன்னமும் 4.8 என்றே நிற்கிறது. அது ஜின்னிலேயே இருந்தால் 2.4 கிலோ, அம்மாவின் எடைக்குப் பொருந்துகிறது. இதற்கு மட்டும் தனியாக அலகு மாற்ற வேண்டுமா, பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி ஏறி நிற்க வேண்டுமா? சீன மொழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அடுத்த வாரம் டாக்டரிடம் இந்த எண்களைக் காட்ட வேண்டும்.