N-ஐ X ஆக்கினால் ஐசின் இலக்கம் பிழை எண்டு வருது – உதவி

கிளிநொச்சி_67: கொமர்ஷல் வங்கிப் பங்கு இரண்டு வகையும் கணக்கில இருக்கு, COMB.N0000, COMB.X0000. இணையப் படிவம் ஒண்டு ஐசின், அதாவது ISIN எண்ட சர்வதேசப் பங்கு அடையாள இலக்கம், கேக்குது. N பங்குக்கு LK0053N00005 ஏற்குது. X பங்குக்கு நடு எழுத்தை மட்டும் மாத்தி LK0053X00005 எண்டு போட்டன், செல்லாது எண்டு சிவப்பில வருது. ஒரே கம்பனிதானே?

வவுனியா வாசி: ஒரு கம்பனிக்கு ஒரு ஐசின்தான் தம்பி. N இலக்கத்தையே இரண்டுக்கும் போடுங்கோ.

முறிகண்டி: அப்பிடிப் போடாதேங்கோ. ஐசின் கம்பனிக்கு இல்லை, பங்கு வகைக்கு. N வாக்குரிமை உள்ளது, X வாக்குரிமை இல்லாதது, விலையும் வேற. வவுனியா அண்ணை சொன்னபடி போட்டால் படிவம் ஏற்கும், ஆனால் X பங்கெல்லாம் N கணக்கில ஏறிவிடும். அதுதான் மோசமான பிழை, சிவப்பில வராது.

உங்கட பிழை கடைசி இலக்கத்தில. அது முன்னுக்கு உள்ள 11 எழுத்து, இலக்கங்களையும் வச்சுக் கணக்குப் பாத்து வாறது. எழுத்துகளை A=10, B=11 எண்டு எண்ணாக்கினால் L 21, K 20, X 33:

```
LK0053X0000 -> 21200053330000
```

வலப்பக்கக் கடைசியில தொடங்கி ஒண்டு விட்டு ஒண்டை இரட்டிப்பாக்குங்கோ. இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டுங்கோ. எல்லாம் சேர்த்தால் 26. அடுத்த பத்து 30, குறைவது 4. ஆக LK0053X00004. N-க்கு 25 வரும், அதுதான் 5.

கணக்குச் சரி எண்டால் அப்பிடியொரு பங்கு இருக்கு எண்டு அர்த்தமில்லை. கொழும்புப் பங்குச் சந்தைத் தளத்தில COMB.X0000 பக்கத்தோட ஒப்பிட்ட பிறகு அனுப்புங்கோ. சுழியத்துக்குப் பதில் O அடிச்சாலும் இதே சிவப்புத்தான்.

மல்லாவி: லண்டனில மச்சாள் ஷெல் பங்கு வச்சிருக்கிறா. நியூயோர்க்கிலயும் SHEL, லண்டனிலயும் SHEL. அப்ப ஒண்டுதானே?

முறிகண்டி: அது மறுபக்கம். லண்டன் SHEL-உம் அம்ஸ்ரடாம் SHELL-உம் ஒரே பங்கு, GB00BP6MXD84. நியூயோர்க் SHEL வைப்புச் சான்று, US7802593050. ஒண்டுக்குள்ள இரண்டு சாதாரண பங்கு. குறியீட்டை நம்பி விலை ஒப்பிட்டால், நாணயத்தை மாத்தின பிறகும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிழை வரும்.

கிளிநொச்சி_67: 4 போட ஏற்குது, தளத்திலயும் அதுதான். எக்செல்லில COMB எண்டு மட்டும் வச்சுத் தேடினதால X பங்குக்கும் N விலை விழுந்திருக்கு. இனி ஐசினை வச்சுத் தேடுறன்.

முறிகண்டி: A2-இல ஐசின் இருந்தால், N, X எழுத்தைப் பிரிச்சுப் பாக்க:

```
=MID(A2,7,1)
```

வவுனியா வாசி: சரி, நான் பிழை. கம்பனி ஒரு பங்கைப் பலதாய்ப் பிரிச்சால் ஐசின் மாறுமோ?

முறிகண்டி: சில நாடுகளில மாறும், சிலதில இல்லை. பிரிப்பு அறிவித்தலை வாசிச்சுத்தான் சொல்லலாம்.